சாறும் சக்கையும்

காளீஸ்வரனின் வயிற்றில் ஒட்டியிருந்த பையை எடுப்பதா வேண்டாமா என்பது கடைசியில் அவருடைய உடம்பு எடையில் வந்து நின்றது. ஐம்பது கிலோவைத் தொட வேண்டும், ரத்தத்தில் புரதம் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுபடி கத்தியை எடுப்பேன் என்று மதுரையில் டாக்டர் ராஜகுரு கறாராகச் சொல்லிவிட்டார். தை மாதம் குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக அறுத்து, சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே இழுத்து வைத்து, கழிவு சேர ஒரு பையை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அது தற்காலிக ஏற்பாடுதான். உடம்பு தேறியதும் குடலை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம்.

உடம்புதான் தேறுகிற வழியாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நாற்பத்தாறு கிலோ இருந்தார். அடுத்த முறை போனபோது நாற்பத்தைந்து. அதற்கடுத்த முறை அதுவும் இல்லை. பாலவனத்தத்தில் வீட்டு வாசலில் அவருடைய லோடு வண்டி சும்மா நின்றது. அருப்புக்கோட்டைக்கு நூல் லோடு ஏற்றிக்கொண்டு போய், வரும்போது எதையாவது ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. பையோடு வண்டி ஓட்ட முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குத்தான் நாலு பேர் இருக்கிற இடத்தில் போய் நிற்கப் பிடிக்கவில்லை. பை நிறைந்துவிட்டால் என்ன செய்வது, வாடை வந்தால் என்ன செய்வது என்று டீக்கடைப் பக்கம் போவதைக்கூட நிறுத்திவிட்டார். பேச்சும் குறைந்துபோனது. மனைவி நாகஜோதி கேட்டால் பதில் சொல்லுவார், கொடுத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

அவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது அவருடைய அக்கா முருகலட்சுமி. திருச்சுழிப் பக்கம் வாக்கப்பட்டவள். தம்பி என்றால் உயிரை விடுவாள், மற்றவர்களுடைய உயிரையும் கொஞ்சம் வாங்குவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஒரு நாட்டுக்கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு கோழி. ஊரில் கோழி வளர்ப்பவர்களிடம் தராசில் தொங்கவிட்டு வாங்கிக்கொண்டு, "ஒன்றரைக் கிலோ நிக்கிது" என்று போனில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

கோழி வந்தால் சூப்பு. அந்தப் பக்கத்தில் அதற்கு மாற்றுப் பேச்சே கிடையாது. பிள்ளை பெற்றவள் என்றாலும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் என்றாலும், கை கால் முறிந்தவன் என்றாலும் சூப்புதான். கோழியின் சத்தெல்லாம் எலும்பில் இருக்கிறது, எலும்பைத் தட்டிப் போட்டு மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க அந்தச் சத்து தண்ணீரில் இறங்கிவிடுகிறது, இறங்கிய பிறகு மிச்சம் கிடப்பது வெறும் சக்கை. இதை முருகலட்சுமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாகஜோதிக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பதைப் போல இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

ஆகவே சாறு காளீஸ்வரனுக்குப் போனது. இரண்டு நாளைக்கு வரும், காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். மேலே மிதக்கிற கோழிக் கொழுப்பை, அந்த நெய்யை, அகப்பையால் வழித்து எடுத்துவிடுவார்கள், அறுத்த வயிற்றுக்கு எண்ணெய் ஆகாதாம். சாறோடு கழுத்து, ரெக்கை, கால், முதுகெலும்பு என்று எலும்பாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைப்பார்கள், உறிஞ்சினால் தெம்பு என்று. மிச்சம் கிடக்கிற சக்கையை என்ன செய்வது? தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் அப்படியே முழுசாகக் கிடக்கும். தூரவா போட முடியும். மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி, நாகஜோதியும், அருப்புக்கோட்டையில் காலேஜ் படிக்கிற மகள் ரோஷினியும், வந்த நாளில் முருகலட்சுமியும் சாப்பிட்டுவிடுவார்கள். வீணாகக் கூடாதே என்றுதான் சாப்பிட்டார்கள். ருசியாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைக் கவனிப்பதற்கு என்று ஒரு பெண் இருந்தாள். ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்று பெயர், காரியாபட்டிக்காரி, தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய் வருகிறவள். நாகஜோதியை அக்கா என்று கூப்பிடுவாள். அவர் என்னென்ன சாப்பிட்டார் என்பதை அன்றன்றைக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு, எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்வாள். நாகஜோதி மகளிர் குழுவுக்குக் கணக்குப் பார்த்தவள், இதில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இட்லி மூன்று, பால் ஒரு டம்ளர், முட்டை ஒன்று, சோறு இவ்வளவு, கோழி முக்கால் கிலோ. ஒன்றரைக் கிலோ கோழி இரண்டு நாளைக்கு வருகிறது, அப்படியானால் ஒரு நாளைக்கு முக்கால் கிலோ. அவளைப் பொறுத்தவரை அதில் ஒரு பொய்யும் இல்லை.

முதல் தடவை கேட்டபோது ஃபிர்தௌஸ் கொஞ்சம் திகைத்தாள். முக்கால் கிலோவும் அண்ணனுக்கேவா என்று கேட்டாள். பூராவும் அவுகளுக்குத்தான் என்றாள் நாகஜோதி. சத்து பூராவும் அவருக்குத்தானே போகிறது.

ஃபிர்தௌஸ் கவனமான பெண்தான். ஒரு நாள் நாகஜோதி, கண்மாய் மீன் ஒரு கிலோ என்று சொன்னபோது உடனே திருப்பிக் கேட்டாள், முழு மீனா, துண்டு போட்ட மீனா என்று. முழு மீன் என்றதும், செதில், செவுள், குடல், தலை, முள் எல்லாம் போக வாயில் போகிற சதை பாதிதான் தேறும் அக்கா, அரைக் கிலோ என்றுதான் நான் போட்டுக்கொள்வேன் என்றாள். நாகஜோதிக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் கோழி விஷயத்தில் அப்படி ஒரு கேள்வி ஃபிர்தௌஸின் வாயில் வரவில்லை. காரியாபட்டியில் அவள் வீட்டுக்குக் கறிக்கடையில் வாங்குவார்கள். உரித்து, வெட்டி, கழுவி, நிறுத்துக் கொடுப்பது கடைக்காரர் வேலை. முக்கால் கிலோ என்றால் சட்டிக்குள் போகிற முக்கால் கிலோ. அதில் எலும்புக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, அரைக் கிலோ கறி, எண்ணூறு கலோரி என்று போட்டுக்கொண்டாள். இறகோடும் குடலோடும் உயிரோடு தராசில் தொங்குகிற முக்கால் கிலோவை அவள் நினைக்கவில்லை. அதை நினைக்காததில் ஆச்சரியம் இல்லை. கறியைத் தின்பது வேறு ஆட்கள் என்பதை நினைக்க வழியே இல்லை.

கணக்கில் காளீஸ்வரன் ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தராசில் இளைத்துக்கொண்டே போனார்.

வைகாசியில் மதுரைக்குப் போனபோது நாற்பத்து மூன்றரை கிலோதான் இருந்தது. டாக்டர் ராஜகுரு கணக்கையும் பார்த்தார், எடையையும் பார்த்தார். இவ்வளவு சாப்பிட்டும் இறங்குகிறது என்றால் குடல் சத்தை உறிஞ்சவில்லை என்று அர்த்தம் என்றார். அடுத்த வாரம் வந்து சேர்ந்துவிடுங்கள், நரம்பு வழியாகச் சத்து ஏற்றுவோம், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்போம், என்ன கோளாறு என்று தெரியட்டும். பையை எடுக்கிற பேச்சை இந்த வருஷம் விட்டுவிடுவோம் என்றும் சொன்னார். அதற்கு மேல் சொல்லாத ஒன்று அவர் முகத்தில் இருந்தது. குடல் வேலை செய்யாவிட்டால் பை எப்போதைக்குமே எடுக்க முடியாமல் போகலாம்.

காளீஸ்வரன் சரி என்று தலையாட்டினார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, லோடு வண்டிக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் வாயிலிருந்து தானாக வந்த பேச்சு.

ஃபிர்தௌஸுக்கும் மனசு ஆறவில்லை. குடலில் சத்து ஏறவில்லை என்றால் பைக்குள் சாப்பாடு அப்படியே வந்து விழ வேண்டும், அளவும் ஏகமாக இருக்க வேண்டும். அப்படி ஏதும் இல்லை என்று நாகஜோதி சொல்லியிருந்தாள். எங்கேயோ உதைக்கிறது என்று பட்டது அவளுக்கு. நாகஜோதியைத் தனியாகக் கூப்பிட்டு, வந்து சேர்வதற்கு முன்னால் ஒரே ஒரு கோழியை எனக்காக நிறுத்துப் பாருங்கள் அக்கா என்றாள். வாங்கும்போது ஒரு தடவை, சுத்தம் செய்த பிறகு ஒரு தடவை, வெந்த பிறகு துண்டுகளை மட்டும் ஒரு தடவை. அண்ணன் தட்டில் வைப்பதை வைப்பதற்கு முன்னால் நிறுக்க வேண்டும், அவர் சாப்பிட்ட பிறகு தட்டில் மிஞ்சுகிற எலும்பை நிறுக்க வேண்டும். தட்டில் வைத்ததிலிருந்து மிஞ்சிய எலும்பைக் கழித்தால் உள்ளே போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். எப்போதும் எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே கொடுங்கள், எனக்காக எதையும் மாற்றாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

ரோஷினி டவுனில் பாத்திரக் கடையிலிருந்து ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசை வாங்கிவந்தாள். முருகலட்சுமி ஞாயிற்றுக்கிழமை கோழியோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சீக்காளிக்குக் கொடுக்கிற சோற்றை யாராவது நிறுப்பார்களா, கண் பட்டுவிடாதா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் மதினி என்று நாகஜோதி ஆஸ்பத்திரியின் தலையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

கோழி ஒன்றரைக் கிலோவேதான் இருந்தது. முருகலட்சுமி தராசில் ஏமாறுகிற ஆள் இல்லை. அறுத்து, இறகு பறித்து, மஞ்சள் தடவி வாட்டி, தலையும் குடலும் போக, ஈரலையும் காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு கிலோவும் இருபது கிராமும் இருந்தது. நாகஜோதி ஒரு நிமிஷம் தராசை முறைத்துப் பார்த்தாள். அரைக் கிலோ அடுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே குப்பைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் போனதுதான். அவள் கையால்தான் போனது. ஆனால் நிறுத்துப் பார்க்காத வரைக்கும் கோழி ஒன்றரைக் கிலோவாகவே இருந்தது.

வழக்கம்போல் சூப்பு வைத்தாள். சாறை வடித்து, நெய்யை வழித்து, துண்டுகளை மட்டும் அரித்து எடுத்து நிறுத்தாள். எழுநூற்று அறுபது. வழக்கம்போல் கழுத்தையும் ரெக்கையையும் காலையும் முதுகெலும்பையும் பொறுக்கி அவருக்கு எடுத்துவைத்தாள். அன்றைக்கும் மறுநாளுக்குமாக இருநூற்று நாற்பது. அவர் சாறைக் குடித்தார், எலும்பை உறிஞ்சினார், ரெக்கையில் இருந்ததைப் பல்லால் சுரண்டிச் சாப்பிட்டார். தட்டை எடுத்துப்போய் எலும்பை நிறுத்தாள். மறுநாளும் நிறுத்தாள். இரண்டு நாள் எலும்பும் சேர்ந்து நூற்றைம்பது.

கழித்தால் தொண்ணூறு. இரண்டு நாளைக்குத் தொண்ணூறு கிராம்.

அவள் அதோடு விட்டிருக்கலாம், ஃபிர்தௌஸ் கேட்டது அவ்வளவுதான். ஆனால் தானும் மகளும் மதினியும் சாப்பிட்ட தட்டுகளில் கிடந்த எலும்பையும் முதல் நாளே எடுத்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதையும் தராசில் கொட்டினாள். நூற்று அறுபதுதான் இருந்தது. ஐந்நூற்று இருபது கிராம் துண்டில் நூற்று அறுபது எலும்பு. மிச்சம் முந்நூற்று அறுபது கிராமும் கறி, அத்தனையும் அவர்கள் மூன்று பேர் வயிற்றில். கோழி எங்கேயும் காணாமல் போகவில்லை. ஐந்து பங்கில் நாலு பங்கை வீட்டுப் பெண்கள் தின்றிருக்கிறார்கள், ஒரு பங்கு சீக்காளிக்குப் போயிருக்கிறது.

சத்துதான் சாறில் இறங்கிவிட்டதே என்று அவளுக்குள் ஒரு நம்பிக்கை இன்னும் நொண்டிக்கொண்டு நின்றது. ஃபிர்தௌஸைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஃபிர்தௌஸ் மெதுவாகப் பேசினாள். எலும்புச் சாறில் உப்பும் ருசியும் இருக்கிறது, குடிக்க இதமாக இருக்கிறது, தப்பில்லை. ஆனால் நெய்யையும் வழித்துவிட்டால் இரண்டு டம்ளரில் நூறு கலோரிகூடத் தேறாது. கறி வேகும்போது எடை குறைகிறதே, அது சத்து போவதால் இல்லை அக்கா, தண்ணீர் போவதால். ஆகவே வெந்த தொண்ணூறு கிராமைப் பச்சைக் கறியில் நூற்று முப்பது என்று வைத்துக்கொள்ளலாம், அது இருநூறு கலோரி. இரண்டு நாளைக்கு. சத்து பூராவும் கறியில்தான் இருக்கிறது.

"அப்ப நாங்க தின்ன சக்கைதான் கோழியா?" என்று கேட்டாள் நாகஜோதி.

தப்பு தன் பக்கமும் இருக்கிறது என்றாள் ஃபிர்தௌஸ். உயிர் எடை என்று தெரியாமல் கறி எடையாகப் போட்டுவிட்டேன், முழுக் கோழியையும் அண்ணன் ஒருவரே சாப்பிட்டிருந்தால்கூட நாளைக்கு ஐந்நூற்று ஐம்பதுதான் வந்திருக்கும், நான் எண்ணூறு என்று போட்டேன், மீனுக்குக் கேட்ட கேள்வியைக் கோழிக்குக் கேட்கவில்லை என்றாள். உண்மையில் அவருக்கு எல்லாம் சேர்த்தே நாளைக்கு ஆயிரத்து இருநூறுதான் போயிருக்கிறது. இதில் எவனாக இருந்தாலும் இளைக்கத்தான் செய்வான். அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று குரல் மாறியது.

"அக்கா, அப்படின்னா அண்ணன் குடலுக்கு ஒண்ணும் இல்லக்கா. சாப்பாடு போகல, அவ்வளவுதான்."

நாகஜோதிக்குச் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை அனுபவிக்க முடியாமலும் போனது. குடல் நன்றாக இருக்கிறது என்றால் அவரைப் பட்டினி போட்டது யார்? அடுப்படியில் நின்றுகொண்டு யோசித்தாள். போன மாதம் இரண்டு ஜாக்கெட்டுக்குப் பக்கத் தையலைப் பிரித்துவிட்டதும், துணி சுருங்கிவிட்டது என்று தையல்காரியோடு சண்டை போட்டதும் ஞாபகத்துக்கு வந்தன. அவமானமாக இருந்தது. புருஷனுக்கு என்று வந்த கோழியைத் தின்று உடம்பு வைத்தவள் என்று யாராவது சொன்னால் இல்லை என்று சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. கையில் தராசு வேறு இருந்தது.

எண்களை நான் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஃபிர்தௌஸ் சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு கோழியின் கணக்கை வைத்து அவர் நாலு மாதத்தை மாற்றிப் பேச மாட்டார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடந்தது என்று கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அது நீங்கள்தான் அக்கா என்றும் சொல்லியிருந்தாள்.

சொல்லாமல் இருக்கவும் ஒரு வழி இருந்தது. நாகஜோதி அதையும் யோசிக்காமல் இல்லை. இன்றைக்கே கறியைப் பிய்த்துப் போட ஆரம்பித்தால் எடை தானாக ஏறிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வியாழக்கிழமை போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் நரம்பில் ஊசி, குடலில் குழாய், இந்த வருஷத்துக்குப் பை. நன்றாக இருக்கிற குடலில் இல்லாத கோளாறைத் தேடுவார்கள். அவளுடைய மானத்துக்காக அவர் அதையெல்லாம் தாங்க வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். கேட்டபிறகு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை துணிப்பையோடு மதுரைக்குப் போனார்கள். காளீஸ்வரனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தாள், காரியாபட்டி தாண்டட்டும் என்று நினைத்தாள், மதுரையே வந்துவிட்டது. டாக்டர் ராஜகுருவின் அறையில் ஃபிர்தௌஸ் முன்பே வந்து நின்றிருந்தாள். டாக்டர் அவள் கொடுத்த கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டே, அப்படியானால் இந்த முக்கால் கிலோ என்பது என்ன என்று கேட்டார்.

நாகஜோதி சொன்னாள். நின்றுகொண்டே, குரலை ஏற்றாமல், குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதைப் போலச் சொன்னாள். அது உயிரோடு நிறுத்த எடை. சாறை அவுகளுக்குக் கொடுத்தோம், எலும்பைக் கொடுத்தோம், கறியை நாங்கள் தின்றுவிட்டோம். ஒரு நாள் இல்லை சார், எல்லா நாளும். மீன் வாங்கினாலும் தலையும் வாலும் குழம்பும் அவுகளுக்கு, நடுத்துண்டு எங்களுக்கு. பெரிய மனுஷனுக்குத் தலையைத்தான் வைப்போம். சத்து அதில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சொல்லி முடித்துவிட்டு அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை. டாக்டரின் மேஜையில் இருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கறி கொடுக்கக் கூடாது என்று இங்கே யாராவது சொன்னார்களா என்று கேட்டார். முதல் இரண்டு வாரத்துக்கு லேசாகக் கொடுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார்கள், அதற்கப்புறம் யாரையும் நாங்கள் கேட்கவில்லை என்றாள். டாக்டர் காளீஸ்வரன் பக்கம் திரும்பினார். உங்களுக்குக் கறி சாப்பிட்டால் ஏதாவது செய்கிறதா, பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

காளீஸ்வரன் வழக்கம்போல் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"பிடிக்கும் சார். கொடுத்தா தின்னுருப்பேன். எனக்கு ஆகாதுன்னு நீங்க சொல்லியிருப்பீகன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் யாரையும் குறை சொல்கிற தொனியில் அதைச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சூப்பு நாளில் வீடு பூராவும் வறுவல் வாசனை அடிக்கும். அவர் முன்கட்டில் கட்டிலில் கிடப்பார். அடுப்படியில் மூன்று பேர் சாப்பிடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரு துண்டு கொடு என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். தனக்கு விலக்கியிருக்கிறார்கள், கேட்டால் கொடுக்க முடியாமல் அவள் சங்கடப்படுவாள் என்று இருந்திருக்கிறார். அது அவளுக்கு அந்த இடத்திலேயே முழுசாகப் புரிந்தது.

டாக்டர் சேர்க்கிற சீட்டை எடுத்து ஓரமாக வைத்தார். நான்கு வாரம் தருகிறேன் என்றார். ஃபிர்தௌஸ் சொல்கிறபடி, எலும்பு நீக்கிய கறியை நிறுத்துக் கொடுங்கள், நன்றாக மென்று சாப்பிடட்டும், கூட முட்டையும் எண்ணெயும் பருப்பும். எடை ஏறினால் குடல் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும், எந்தக் குழாயும் வேண்டாம். ஏறாவிட்டால் அப்போது சேர்த்துப் பார்ப்போம். ஏறினால் ஐப்பசிக்குள் பையை எடுத்துவிடலாம். இதையெல்லாம் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்தபோது மதியமாகிவிட்டது. நாகஜோதி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தாள். ஐந்து மாதமாக ஆட்கள் நடுவே உட்காராத மனுஷன் வாசலில் தயங்கினார், சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ஓரத்து மேஜை ஒன்று காலியாக இருந்தது. அவள் அவரைச் சுவர்ப் பக்கம் உட்காரவைத்துவிட்டு வெளிப்பக்கம் தான் உட்கார்ந்தாள். காரம் கம்மியாகக் கோழிக் குழம்பும் சோறும், தொடைத் துண்டாகப் பார்த்து வை என்று சர்வரிடம் சொன்னாள். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

தட்டு வந்ததும் கறியை எலும்பிலிருந்து பிய்த்தாள். சூடு விரலைச் சுட்டது. பிய்த்ததை அவருடைய சோற்றின் மேல் வைத்தாள், எலும்பைத் தன் பக்கமாகத் தட்டின் ஓரத்தில் போட்டாள். அவர் ஒரு வாய் எடுத்து மென்றார். அவசரப்படாமல், வெகு நேரம் மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. ஹோட்டல் என்றும் பாராமல் அழுதாள். நான் உங்களைப் பட்டினி போட்டுட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள், பாதிக்கு மேல் வரவில்லை.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. இதை அக்காவிடம் சொல்லிவைக்காதே என்றார், அது பொசுக்கென்று உடைந்து போகும், அது கொண்டுவருகிற சூப்பையும் ஒரு பக்கம் குடித்துக்கொள்கிறேன் என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் தானாக இவ்வளவு பேசுகிறார் என்பது அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அவர் தட்டை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்.

"இங்கரு, அழுகாத. அடுத்த துண்டைப் பிய்யி. கறி ஆறுது."